அங்கிளா, சாரா, ஐயாவா?

கேள்வி: வேலை மாற்றலாகி கோலாலம்பூர் வருகிறேன். செந்தூலில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. உரிமையாளர் எழுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஒப்பந்தத்தில் ‘வேலாயுதம் ஏ/எல் மாரிமுத்து’ என்று இருக்கிறது. சாவி வாங்குவது பற்றி முதன்முதலாக அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுத வேண்டும். அங்கிள் என்பதா, சார் என்பதா?
– கலைச்செல்வி, பட்டர்வொர்த்

பதில்: இரண்டும் வேண்டாம், ‘ஐயா’ போதும். அங்கிள் என்பது அவராக இடம்கொடுத்த பிறகு வர வேண்டிய சொல். ‘சார்’ தவறில்லை, ஆனால் அது அவரிடம் படித்த பிள்ளைகள் கூப்பிடுவது.

பெயரில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஏ/எல்லுக்குப் பின்னால் இருப்பது தகப்பனார் பெயர். கடைசியில் வருவதுதானே பெயர் என்று நினைத்து ‘திரு. மாரிமுத்து’ என எழுதினால், கடிதம் அவருடைய அப்பாவுக்குப் போய்விடும். ‘திரு. வேலாயுதம் அவர்களுக்கு’ என்பதே சரி. ‘அவர்கள்’ இல்லாமல் வெறும் ‘திரு. வேலாயுதம்’ என்றால் தண்ணீர் பில்லில் அச்சடித்த பெயர் மாதிரி இருக்கும். டத்தோ பட்டம் பெற்றவர் என்றால் ‘திரு’வை எடுத்துவிட்டு ‘டத்தோ வேலாயுதம் அவர்களுக்கு’ என்று தொடங்க வேண்டும். உங்கள் பெயருக்கு முன்னால் மட்டும் நீங்களே செல்வி, திருமதி என்று போட்டுக்கொள்ளாதீர்கள்.

‘நீங்கள்’ போதுமான மரியாதைதான். ‘தாங்கள்’ எழுத ஆசைப்பட்டால் கடைசிவரை ‘தங்கள்’, ‘தங்களுக்கு’ என்றே போக வேண்டும். ‘தாங்கள்’ என்று ஆரம்பித்து ‘உங்கள் வீடு’ என்று முடித்தால், ஓர் ஆசிரியர் கண்ணுக்கு உடனே தட்டுப்படும்.

மரியாதை கெடுவது பெரும்பாலும் வினைச்சொல்லில். ‘சாவியைக் கொடுக்கவும்’, ‘பதில் அனுப்பவும்’ எல்லாம் அறிவிப்புப் பலகை நடை. முன்னால் ‘தயவுசெய்து’ சேர்த்தாலும் ஏவல் ஏவல்தான். ‘சாவியை எப்போது வாங்கிக்கொள்ளலாம்?’ என்று கேளுங்கள். வேலை உங்களுடையதாகிவிடுகிறது, அவரை ஏவுவது போல் இருக்காது. அவருடைய மகனைப் பற்றி எழுத நேர்ந்தால், உங்களைவிடச் சின்னவராக இருந்தாலும் ‘சொன்னார்’ என்றே எழுதுங்கள். மனைவியை ‘அம்மா’ என்று குறிப்பிடலாம்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

‘மதிப்பிற்குரிய திரு. வேலாயுதம் அவர்களுக்கு,
வணக்கம் ஐயா. என் பெயர் கலைச்செல்வி. உங்கள் செந்தூல் வீட்டுக்கு ஆகஸ்டு 1ஆம் தேதி குடிவர இருக்கிறேன். வீட்டு முகவர் உங்கள் எண்ணைக் கொடுத்தார். சாவியை என்றைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தெரிந்தால், அதற்கேற்ப பட்டர்வொர்த்திலிருந்து புறப்படுவேன். போனில் பேசுவது உங்களுக்கு வசதி என்றால், நேரம் சொன்னால் அழைக்கிறேன் ஐயா.
பணிவன்புடன்,
கலைச்செல்வி’

‘ஐயா’ இரண்டு இடத்தில்தான் இருக்கிறது, கவனியுங்கள். வரிக்கு வரி போட்டால் மனு எழுதியது போல் ஆகிவிடும்.

பதிலில் அவர் ‘சரிம்மா, சனிக்கிழமை வா’ என்று ஒருமையில் எழுதலாம். அது வயதின் உரிமை, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அங்கிள் என்றே கூப்பிடச் சொன்னால் அப்படியே கூப்பிடுங்கள். அப்போதும் ‘நீங்கள்’ என்பது ‘நீங்க’ வரைக்கும்தான் இறங்கலாம்.