சோலார் பேனலுக்குப் போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும்?

"தமிழ்நாட்டில் 3 கிலோவாட் சோலார் போட்டால் நான்கே வருடத்தில் காசு திரும்பும் என்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் அப்படித்தானா?"

இல்லை. உங்கள் பழைய பில்தான் அதைத் தீர்மானிக்கும்.

நிறுவும் செலவு 1,95,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசு மானியம் 78,000 போனால் கையிலிருந்து 1,17,000. ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் வீதம் இரண்டு மாதத்தில் 720 யூனிட் கிடைக்கும். 2024 கட்டணப்படி தோராயக் கணக்கு:

| வீடு செலவிடும் இருமாத யூனிட் | ஆண்டுச் சேமிப்பு (ரூ.) | செலவு மீளும் ஆண்டு |
|---|---|---|
| 900 | 34,000 | 4 |
| 600 | 17,000 | 7 |
| 400 | 7,000 | 17 |

முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். அதை மிச்சப்படுத்தி லாபமில்லை. சோலார் முதலில் வெட்டுவது மேல் ஸ்லாபின் விலையுயர்ந்த யூனிட்களை. அதனால்தான் 900 யூனிட் வீட்டுக்கு இவ்வளவு சீக்கிரம். விற்பவர்களின் அட்டவணையில் மொத்த உற்பத்தியான 4,320 யூனிட்டையும் 8 ரூபாயால் பெருக்கியிருந்தால் அதை நம்பாதீர்கள்.

சோலார் வீடுகளிடம் மின்வாரியம் வாங்கும் நெட்வொர்க் கட்டணம் இருந்தால் சேமிப்பிலிருந்து கழியுங்கள். இன்வெர்ட்டரைப் பத்து வருடம் கழித்து மாற்ற நேரலாம். அதற்கு 35,000 என்றால், 400 யூனிட் வீட்டுக்குக் கணக்கு 22ஆம் ஆண்டுக்குப் போய்விடும். அந்த வீட்டுக்கு 1 கிலோவாட்டே போதும் என்பேன்.

தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனலில் விழுந்தால் 4 யூனிட் வராது; காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மாடி ஏறிப் பாருங்கள்.