உங்க மேனேஜர் அனுப்புன மெசேஜ்ல இன்னிக்கும் ஞாபகம் இருக்கறது எது, ஏன்?

2016ல ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில கட்டிங் சூப்பர்வைசரா இருந்தேன், அப்போ ஆம்பூர் வேலூர் மாவட்டம்தான். மேனேஜர நாங்க பாய்னுதான் கூப்புடுவோம், அவருக்கு நாங்க எல்லாரும் தம்பி.

ஒருநாள் மதியம் வீட்டுக்காரி போன் பண்ணா, பாப்பாவுக்கு ஜுரம் இறங்கவே இல்லன்னு. டைம் ஆபீஸ்ல கேட் பாஸ் வாங்கிக்கினு ரயில் புடிச்சி குடியாத்தம் போயிட்டேன். என் செக்‌ஷன்ல வேலைக்கு சேர்ந்து ஒரு வாரம் கூட ஆகாத ரெண்டு பசங்க தோல் வெட்டற பிரஸ்ல நின்னுக்கினு இருந்தாங்க.

தோல்ல முதுகுப் பக்கம் கெட்டியா இருக்கும், வயித்துப் பக்கம், நாங்க பெல்லின்னு சொல்றது, லூஸா இழுபடும். ஷூவோட முன்பாகம், அதாவது வாம்ப், அத முதுகுலதான் வெட்டணும், ஏன்னா அத லாஸ்ட்னு சொல்ற கால் அச்சு மேல போட்டு மிஷின்ல இழுக்கறப்போ பெல்லி பீஸா இருந்தா மேல்தோல் சுருங்கி வரிவரியா தெரியும். பெல்லில நாக்கு, உள்ள மறையற பட்டி மாதிரி சின்ன பீஸ்தான் எடுப்போம். பசங்க தோலை வீணாக்கக் கூடாதுன்னு நெனச்சி ஓரம் வரைக்கும் வாம்ப் வெட்டற அச்சு, அந்த டையவே வெச்சி அடிச்சிட்டாங்க, 160 ஜோடி. சாயங்காலம் செக்கிங்ல மாட்டிக்கிச்சு.

ராத்திரி பத்து மணிக்கு பாய்க்கு வாட்ஸ்அப்ல டைப் பண்ண ஆரம்பிச்சேன். தோல் செலக்‌ஷன் சரியில்ல, டை மொக்கையா போயிருந்துச்சு, நடுவுல கரண்ட் போச்சு, பசங்கள யார் சேர்த்தாங்க, டார்கெட்ட ஏத்திட்டாங்க, இப்படியே போயி நாலு ஸ்க்ரீனு. பாப்பா ஜுரம் அதுல எங்கயோ மூணாவது ஸ்க்ரீன்ல ஒரு வரி. அனுப்பிட்டு நீல டிக் வர்ற வரைக்கும் போனையே பாத்துக்கினு இருந்தேன். டிக் வந்து கொஞ்ச நேரம் கழிச்சி பதில் வந்துச்சு, ரெண்டே வரி:

"முழுசா படிச்சேன் தம்பி, பாப்பாவுக்கு ஜுரம் விட்டுச்சா?
காலைல எட்டு மணிக்கு வா, ரெண்டு பேரும் ஒக்காந்து பீஸ பிரிச்சிடலாம்."

மூணாவது ஸ்க்ரீன்ல இருந்த அந்த ஒரு வரிய எடுத்து கேட்டிருக்காருன்னா மனுசன் நெஜமாவே படிச்சிருக்காரு. ஏன் இப்படி ஆச்சுன்னு கேக்கல, கேட்டிருந்தா இன்னும் நாலு ஸ்க்ரீன் எழுதியிருப்பேன். பரவால்ல விடுன்னும் சொல்லல, சொல்லியிருந்தா நான் எழுதுன காரணத்தையெல்லாம் நானே நம்பியிருப்பேன். எத்தனை மணிக்கு வரணும், வந்து இன்னா பண்ணணும், அவர் கூட இருப்பாரு, அவ்ளோதான் அதுல இருந்துச்சு. அன்னிக்கி ராத்திரி நான் தூங்குனேன்.

காலைல ஜன்னல் பக்கம் டேபிள் போட்டு 320 பீஸையும் ஒண்ணொண்ணா மடிச்சிப் பாத்தோம். தோலோட மேல்பக்கத்த உள்ள வெச்சி மடிச்சா, நல்ல பீஸ்ல பொடிப்பொடியா சுருக்கம் விழும், பெல்லில கொழகொழன்னு பெரிய மடிப்பா எழும். 74 பீஸ் தேறல. ஆனா ஜோடில ஒண்ணு போனா இன்னொண்ணும் தனியா நிக்குது, ரெண்டும் ஒரே தோல்ல பக்கத்துப் பக்கத்துல வெட்டுனாதான் கலரும் தன்மையும் ஒத்து வரும். 23 ஜோடில ரெண்டு காலும் போச்சு, 28 ஜோடில ஒரு காலு. அந்த 28க்கும் அதே லாட் தோலை வெளிச்சத்துல பக்கத்துல வெச்சி வெச்சி ஷேட் பாத்து ஜோடி தேடுனோம், அதுக்கே மதியம் ஆயிடுச்சு. தேறாத பீஸெல்லாம் நாக்குக்கு போயிடுச்சு.

பாதி கட்டு பிரிச்சிக்கினு இருக்கறப்போ நானே சொன்னேன்: "பாய், நான் கெளம்பறப்போ யார்கிட்டயும் பொறுப்ப ஒப்படைக்கல. வாம்ப் எது வரைக்கும் வெட்டலாம்னு பசங்களுக்கு சொல்லித் தரவும் இல்ல." நாலு ஸ்க்ரீன்ல இல்லாதது இதுதான். தோலு, டை, கரண்ட்டு எதுவும் பொய் இல்ல, ஆனா காரணம் அது எதுவும் இல்ல.

அவரு கையில இருந்த பீஸ மடிச்சிப் பாத்துக்கினே "சரி, அந்த சில்வர் பென்ன எடு"ன்னாரு. ஒரு முழுத் தோலை விரிச்சி, முதுகுலேர்ந்து வாம்ப் போகலாம்னு இருக்கற எடம் வரைக்கும் ரெண்டு பக்கமும் கோடு போட்டாரு. அந்த ரெண்டு பசங்களையும் கூப்ட்டு, கோட்டுக்கு உள்ள ஒரு தரம் வெளிய ஒரு தரம் அவங்க கையாலயே மடிச்சிப் பாக்க வெச்சாரு. அதுக்கப்புறம் புதுசா யார் பிரஸ்க்கு வந்தாலும் மொத வாரம் கோடு போட்ட தோல்தான் குடுப்போம். நான் அந்த கம்பெனி விட்டு வந்து வருசமாச்சு, இப்ப இருக்கற எடத்துலயும் காலைல மொத வேலையா நான்தான் கோடு போடறேன்.