ரின்யூவல் வேண்டாம் என்று எந்தத் தேதிக்குள், யாருக்கு எழுத வேண்டும்?

கேள்வி: எங்கள் கம்பெனிக்கு வாங்கிய சாஃப்ட்வேர் ஒப்பந்தம் வருடா வருடம் தானாகவே புதுப்பிக்கப்படும் என்று போட்டிருக்கிறது. அடுத்த வருடம் வேண்டாம் என்று சேல்ஸ்காரரிடம் போனில் சொல்லிவிட்டேன். பணம் கட்டாமல் விட்டால் போதாதா? எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்றால் எப்போது, யாருக்கு?

பதில்:

போதாது. ஒப்பந்தத்தில் எழுத்து மூலம் என்று இருந்தால், போனில் சொன்னது கணக்கில் வராது. "சரிங்க சார், நான் மேலே சொல்லிடறேனுங்க" என்று அவர் மனதாரச் சொல்லியிருக்கலாம். ஆறு மாதம் கழித்து அவர் வேறு கம்பெனியில் இருப்பார், உங்கள் மேஜையில் புது வருடத்து இன்வாய்ஸ் இருக்கும்.

பணம் கட்டாமல் விடுவதும் அப்படித்தான். கார்டிலோ யுபிஐயிலோ தானாகப் பணம் போகிற ஏற்பாடு இருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும், நீங்கள் அதை நிறுத்தலாம். ஆனால் நிற்பது பணம் போகிற வழி மட்டும்தான். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டிருந்தால் அந்த வருடத் தொகை கடனாகவே நிற்கும். நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று பலர் சொல்வார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் என்று எடுத்துக்கொள்வதில்லை. சொந்தப் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்கிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு. இருபது பேர் வேலை செய்கிற கம்பெனி அதை நம்பி இருக்க முடியாது.

தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கிற வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள சின்னத் தொழிற்சாலைகளுக்குக் கணக்கு பார்ப்பது என் வேலை. இந்த விஷயத்தில் ஆட்கள் தடுமாறுவது பெரும்பாலும் தேதியில்தான். அதனால் ஒரு கணக்கை முழுசாகவே சொல்கிறேன்.

கஞ்சிக்கோட்டில் பம்ப் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனி. முதலாளி கொழிஞ்சாம்பாறைக்காரர். ஸ்டாக், உற்பத்தி, பில்லிங் மூன்றுக்கும் சேர்த்து 20 பேருக்கு லாகின் வாங்கினார். ஒரு லாகினுக்கு மாதம் 1,500 ரூபாய், ஆக வருடத்துக்கு 3,60,000, ஜிஎஸ்டி தனி. கையெழுத்துப் போட்டது 2024 ஜூலை 18. ஆர்டர் படிவத்தில் தொடக்கத் தேதி ஆகஸ்ட் 1. பழைய ஸ்டாக்கை எல்லாம் ஏற்றி, ஆட்களுக்குப் பழக்கிக் கொடுத்து, உண்மையில் ஓட ஆரம்பித்தது செப்டம்பர் நடுவில். மறுவருடம் ஏப்ரலில் நான் ரின்யூவல் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது: "செப்டம்பர்லதானுங்க ஓட ஆரம்பிச்சுது, அதுவரைக்கும் டைம் இருக்குதில்லீங்களா?"

இல்லை. நீங்கள் எப்போது பயன்படுத்த ஆரம்பித்தீர்கள் என்பதை ஒப்பந்தம் பார்ப்பதில்லை. அதில் இருந்த விதியின் சாரம் இது: ஒப்பந்தக் காலம் முடிவதற்கு 90 நாளுக்கு முன்னதாக அல்லாமலும், 60 நாளுக்குப் பிந்தாமலும், எழுத்து மூலமான அறிவிப்பு மறுதரப்புக்குக் கிடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு வருடம் தானாக நீளும். இதில் இரண்டு பக்கமும் வாசல் இருப்பதைக் கவனியுங்கள். ஜனவரியிலேயே எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றால், அது சீக்கிரம் வந்த அறிவிப்பு, செல்லாது என்று தள்ள இடம் இருக்கிறது. எல்லா ஒப்பந்தத்திலும் இந்த முன் எல்லை இருக்காது, ஆனால் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இன்னொரு சொல், ‘கிடைத்திருக்க வேண்டும்’ என்பது. கடைசி நாளில் நீங்கள் அனுப்பினால் போதாது, அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

தேதியை விரல்விட்டு எண்ணாதீர்கள், மே, ஜூலைக்கு 31 நாள் என்பது மறந்துபோகும். எக்செல்லில் இப்படிப் போட்டால் போதும்:

```
=DATE(2025,7,31)-60
=DATE(2025,7,31)-90
```

ஆகஸ்ட் 1 தொடக்கம் என்றால் காலம் முடிவது 2025 ஜூலை 31. கடைசி நாள் ஜூன் 1, வாசல் திறப்பது மே 2. அந்த ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை. ஆகவே நடைமுறையில் வெள்ளிக்கிழமை, மே 30தான் கடைசி.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. ஆர்டர் படிவம் ஆகஸ்ட் 1 என்றது. அதோடு இணைந்திருந்த பொது நிபந்தனைகளிலோ, ஒப்பந்தம் அமலுக்கு வரும் தேதி என்பது கடைசிக் கையெழுத்து விழுந்த நாள் என்று இருந்தது. அந்தக் கணக்கில் காலம் ஜூலை 17ஆம் தேதியே முடிந்துவிடும், கடைசி நாள் மே 18, வாசல் திறப்பது ஏப்ரல் 18. இரண்டு தாளும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்று பொதுவாக ஒரு விதி இருக்கும். அதைத் தேடிப் படித்துச் சண்டை போடுவதைவிட, இரண்டு கணக்குக்கும் பொருந்துகிற நாளில் அனுப்பிவிடுவது நல்லது. மே 2க்கும் மே 18க்கும் நடுவில் எந்த நாளும் இரண்டுக்கும் செல்லும். மே 6, செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்பினோம். அதில் இன்னொரு லாபமும் இருந்தது. அந்த வருடம் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளத்துக்கு வந்துவிட்டது. மாதக் கடைசிவரை இழுத்திருந்தால் மழை, தபால், பள்ளி திறப்பு என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

அடுத்தது, யாருக்கு. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ‘அறிவிப்புகள்’ என்று ஒரு விதி இருக்கும், அநேகமாக யாரும் படிக்காத பத்தி. அதில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் பதிவு அலுவலக முகவரியும் கொடுத்திருப்பார்கள். சேல்ஸ்காரருடைய மெயிலோ, சப்போர்ட் டிக்கெட்டோ, வாட்ஸ்அப்போ அந்த முகவரிக்கு ஈடாகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, 13ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில், பெறுபவர் இந்த முகவரிக்குத்தான் என்று குறித்திருந்தால், மெயில் அங்கே போய் விழுந்த நேரமே கிடைத்த நேரம். குறிக்காத முகவரிக்கு அனுப்பினால், அவர் அதை எடுத்துப் பார்த்த நேரம்தான் கணக்கு. பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டால் நிரூபிப்பது உங்கள் பாடு. (அயல்நாட்டுச் சட்டப்படி என்று எழுதியுள்ள ஒப்பந்தத்தில் இந்தப் பிரிவை நம்பாதீர்கள், அந்த ஒப்பந்தத்தின் வார்த்தையை மட்டும் பாருங்கள்.)

நாங்கள் குறித்த மெயிலுக்கு அனுப்பி, சேல்ஸ்காரருக்கு நகல் போட்டு, அதே கடிதத்தைக் கையெழுத்திட்டு பெங்களூரில் இருந்த பதிவு அலுவலகத்துக்குத் தபாலிலும் அனுப்பினோம். பழைய பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. இப்போது அனுப்புகிறவர்கள் பதிவுச் சேவையோடு ஸ்பீட் போஸ்டில் போட்டு, ரசீதையும் பட்டுவாடா ஆனதைக் காட்டும் பக்கத்தையும் எடுத்து வைக்க வேண்டும். மெயிலுக்குத் தானியங்கிப் பதில் வந்தால் அதையும் அழிக்காதீர்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது? ஆர்டர் படிவ எண், தேதி, ஒப்பந்தத்தில் உள்ளபடியே உங்கள் கம்பெனியின் முழுப் பெயர், கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் பெயர். அப்புறம் ஒரே வாக்கியம்: ‘நடப்புக் காலம் முடியும் நாளோடு இந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விரும்பவில்லை என்று இதன் மூலம் அறிவிக்கிறோம்.’ அங்கே நிறுத்துங்கள். ‘புதுப்பிப்பது பற்றி யோசித்து வருகிறோம்’, ‘விலை குறையாவிட்டால் தொடர இயலாது’ என்றெல்லாம் எழுதினால் அது அறிவிப்பா, பேரமா என்ற சந்தேகம் வரும். கடிதம் ஒப்பந்தம் இருக்கும் மொழியிலேயே இருக்கட்டும். கிடைத்ததற்கு எழுத்தில் பதில் கேளுங்கள். ஒரு வாரத்தில் வராவிட்டால் அதே மெயிலின்மேல் மறுபடியும் கேளுங்கள். வாசல் இன்னும் திறந்திருக்கும்போது இதற்கு நேரம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் முதல் வாரத்திலேயே அனுப்பச் சொல்கிறேன்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. அந்த சாஃப்ட்வேரையே தொடர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றாலும் இந்தக் கடிதத்தை அனுப்புங்கள். கஞ்சிக்கோடு முதலாளிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் 20 லாகினில் 12தான் பயன்பட்டது. தானாகப் புதுப்பிக்க விட்டிருந்தால் அதே 20 லாகினும், ஒப்பந்தத்தில் இருந்த 8 சதவீத உயர்வும் சேர்ந்து 3,88,800 ஆகியிருக்கும். லாகினைக் குறைப்பதற்கும் அதே அறிவிப்புக் காலம்தான் என்று அதில் எழுதியிருந்தது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. கடிதம் போனபின் அவர்களே அழைத்தார்கள். 12 லாகின், பழைய விலை, வருடத்துக்கு 2,16,000 என்று புது ஆர்டர் படிவம் வந்தது. அதில் தானாக நீளும் விதியை அடித்துவிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டால் மட்டுமே நீளும் என்று மாற்றவும் சம்மதித்தார்கள். கடிதம் இல்லாமல் கேட்டிருந்தால் இதைப் பேச அவர்களுக்கு அவசியமே இருந்திருக்காது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அறிவிப்பு கொடுத்துவிட்டுப் புது ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டால், கடைசி நாளோடு லாகின் நின்றுவிடும். பழைய ஒப்பந்தத்தில் விலை உயர்வுக்கு வரம்பு இருந்திருந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அது உங்களுக்குச் சாதகமான வரம்பா என்று முதலில் பாருங்கள். தரவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே இன்வாய்ஸ், ஸ்டாக் பதிவேடு, பார்ட்டி கணக்கு மூன்றையும் ஒரு மாதம் முன்பே இறக்கி, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். பிடிஎப் மட்டும் போதாது, அட்டவணையாகவும் வேண்டும்.

உங்கள் விஷயத்தில் கடைசி நாள் ஏற்கெனவே போய்விட்டதா என்று கேள்வியில் தெரியவில்லை. போகவில்லை என்றால், போனில் பேசியதைக் குறிப்பிடாமல் மேலே சொன்ன கடிதத்தை இன்றே, முன் எல்லை இருந்தால் வாசல் திறந்தவுடன், அனுப்புங்கள். போய்விட்டது என்றாலும், எந்தத் தேதியில் யாரிடம் போனில் சொன்னீர்கள் என்பதோடு எழுத்தில் அனுப்புங்கள். விடுவித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அப்போது முழுத் தொகையை மறுத்து நிற்பதைவிட, லாகினைக் குறைத்துக் கேட்பதும் மூன்று மாதத் தவணையாகக் கேட்பதும்தான் பலிக்கிறது. அதே கடிதத்தில் அடுத்த வருடத்துக்கும் வேண்டாம் என்று சேர்த்துவிடலாம். முன் எல்லை இருக்கிற ஒப்பந்தம் என்றால் மட்டும் வாசல் திறந்தபின் அதையே மறுபடியும் அனுப்ப வேண்டும்.