சாப்பிட்டபின் ஒரு மூடி சிரப்

கேள்வி: எனக்கு நோய் எதுவும் கிடையாது, ஆனால் வயிறு அடிக்கடி உப்பிக்கொள்கிறது. என்சைம் சிரப், கசப்பு மூலிகை டானிக் குடித்தால் பலன் உண்டா?

பெரும்பாலும் இல்லை. மருந்துக்கடையில் நின்று இந்த பாட்டில்களைப் பல வருடம் எடுத்துக்கொடுத்தவன் நான்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பல சிரப்புகளில் டயஸ்டேஸ், பெப்சின் என்று இருக்கும். முதலாவது மாவுச்சத்தை உடைக்கும், அடுத்தது புரதத்தை. இரண்டு வேலையும் உங்கள் உடம்பில் ஏற்கெனவே தாராளமாக நடக்கிறது. கணையத்தின் கையிருப்பு ரொம்பப் பெரியது. கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் சுரப்பு இயல்பில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால்தான் மலத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியத் தொடங்கும். அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர் எழுதுவது கணைய என்சைம் காப்ஸ்யூல், இந்த சிரப் அல்ல.

"குடிச்சதும் ஏப்பம் வந்து லேசாகுதே" என்பார்கள். அதே பாட்டிலில் ஏலக்காய், பட்டை எண்ணெய் சேர்த்திருந்தால் அதன் வேலையாக இருக்கலாம்.

கசப்பு டானிக் கதையும் ஏறக்குறைய இதுதான். கசப்பு நாக்கில் பட்டால் எச்சில் ஊறும், பசி கொஞ்சம் கிளம்பலாம். செரிமான நீருக்குப் பஞ்சமே இல்லாதவருக்கு அதனால் உப்புசம் குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். சாயங்காலம் கொண்டைக்கடலை சுண்டல் தின்றால் ராத்திரி படுக்கும்போது வயிறு பானை மாதிரி இருக்கும். நானும் சிரப் குடித்துப் பார்த்தேன், பிரயோசனமில்லை. சுண்டலில் இருக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் என்சைம் மனிதர் யாருடைய சிறுகுடலிலும் கிடையாது. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகும், அங்குள்ள பாக்டீரியா தின்று வாயு விடும். உப்புசம் சில மணி நேரம் கழித்து வருவது அதனால்தான். டயஸ்டேஸ் அந்தச் சர்க்கரையைத் தொடாது. அதற்கு ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற என்சைம் மாத்திரை வேண்டும். அதையும் முதல் வாயோடு போட வேண்டும், தின்று முடித்தபின் போட்டால் பாதி வீண். நான் மாத்திரைக்குப் போகவில்லை. கடலையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்து, ஒரு கிண்ணத்தை அரைக் கிண்ணமாக்கினேன். முழுக்கப் போகவில்லை, ஆனால் தூக்கம் கெடுவதில்லை.

பால்தான் சந்தேகம் என்றால் இரண்டு வாரம் பாலை நிறுத்திவிட்டு, அப்புறம் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள். ஓரிரு மணி நேரத்தில் உப்பி, கடமுடா என்றால் பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் மாத்திரை உங்களுக்கு உதவக்கூடும். அதுவும் பாலோடுதான்.

எடை குறைகிறது, மலத்தில் ரத்தம், அல்லது ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக உப்புசம் வந்து தினமும் நீடிக்கிறது என்றால் கடைக்கு வராதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள்.