பூனை வந்ததும் எழுந்து போனவன்

அன்புள்ள சார்,

ஒன்பது வயதில் மேடையேறி வயலின் வாசிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதியிருக்கிறேன். படித்த நண்பர்கள் "இந்தக் குழந்தையை நூறு கதையில் பார்த்தாச்சு" என்கிறார்கள். அவளுடைய தனிமையைக் காட்டத்தான் எழுதினேன். தன்மையில் எழுதுவதா, படர்க்கையிலா? முடிவில் அவள் தோற்க வேண்டுமா? கதையை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

தன்மையா படர்க்கையா என்று என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும்? ஒரு பக்கத்தை இரண்டு விதமாகவும் எழுதிப் பாருங்கள். அவள் தோற்பாளா என்பதும் எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஆனால் "அவள் கண்களில் பல ஜென்மத்து ஞானம் மின்னியது" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே கோபம் வந்துவிட்டது. அது சபாவில் மூன்றாவது வரிசை மாமா பார்க்கிற பார்வை. கதை முழுக்க நீங்கள் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

1765-ல் லண்டனில் டெய்ன்ஸ் பாரிங்டன் என்கிற வழக்கறிஞர் மொசார்ட்டைச் சோதிக்கப் போனார். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. அவன் பார்த்தேயிராத கையெழுத்துப் பிரதி ஒன்றை நீட்டினார், அப்படியே வாசித்தான். கோபத்துக்கு ஒரு பாட்டு என்றதும் நாற்காலியிலிருந்து எழும்பி எழும்பி ஹார்ப்சிகார்டை அடித்தான். அப்பா வயதைக் குறைத்துச் சொல்கிறாரோ என்று பாரிங்டனுக்குச் சந்தேகம். சால்ஸ்பர்க்கிலிருந்து பிறப்புப் பதிவை வரவழைத்துச் சரிபார்த்தார். ராயல் சொசைட்டி என்கிற அறிவியல் சங்கத்தின் 1770-ஆம் ஆண்டு இதழில் அந்த அறிக்கை அச்சானது. அதில் ஒரு இடம். பையன் வாசித்துக்கொண்டிருக்கிறான், அவனுக்குப் பிடித்த பூனை உள்ளே வருகிறது. உடனே எழுந்து அதனிடம் போய்விட்டான். திரும்பக் கொண்டுவந்து உட்காரவைக்க வெகுநேரம் ஆயிற்றாம். சில சமயம் குச்சியைக் காலிடுக்கில் குதிரையாக வைத்துக்கொண்டு அறைக்குள் ஓடுவானாம்.

அந்தப் பூனையை நான் பல வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு அவன் ஒன்றும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் ஒருவன் இருந்தான், என் வயது. மிருதங்கம். விரலில் அடிபடும் என்று அவனைக் கிரிக்கெட் ஆட விடமாட்டார்கள், அதனால் அவன்தான் அம்பயர். ஒரு ஓவரிலாவது பந்து எண்ணிக்கை தப்பியதில்லை. அவுட் ஆனவன் ஆத்திரத்தில் மட்டையை வீசியெறிவதை அப்படிப் பார்ப்பான். "அவனைப் பாருடா" என்று எங்கள் அம்மாக்கள் தினமும் சொன்னதால் எங்களுக்கு அவனைப் பிடிக்காது. ஒருமுறை கோயில் கச்சேரிக்கு என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். மேடைக்குப் பின்னால் அவன் அப்பா மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் ஒட்ட ரவை பிசைந்துகொண்டிருந்தார். இவன் அதில் ஒரு உருண்டை கிள்ளி யானை செய்தான். தும்பிக்கை நிற்கவில்லை, என்னிடம் நீட்டினான். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். கச்சேரி முடிந்து எழுந்தபோது கால் மரத்து அப்படியே முன்னால் சரிந்தான். சபையை விழுந்து கும்பிடுகிறான் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

சரி, உங்கள் கதை. "தனிமை" என்ற சொல் பதினொரு இடத்தில் இருக்கிறது, எடுத்துவிடுங்கள். அப்புறம், அவள் கையில் இருப்பது முழு அளவு வயலின் போலத் தெரிகிறது. ஒன்பது வயதுக்குப் பெரும்பாலும் அரை அளவோ முக்கால் அளவோதான் கொடுப்பார்கள். கை வளர்ந்து அடுத்த அளவுக்கு மாறினால் விரல் வைக்கும் இடமெல்லாம் தள்ளிப்போகும், பழகுகிறவரை சுருதி தப்பும். "என்னாச்சு குழந்தைக்கு, கண்ணு பட்டுடுச்சா?" என்று கேட்பார்கள். அவள் வளர்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். கதை உங்கள் கையிலேயே இருந்தும் விட்டுவிட்டீர்கள்.

மூன்றாம் பக்கத்தில் ஐந்து மணிக்கு வந்து எட்டு மணி வரை காத்திருக்கிறாள். அதை ஒரே வரியில் தாண்டிக் கைதட்டலுக்குப் போகிறீர்கள். அந்த மூன்று மணி நேரம் என்ன சாப்பிட்டாள்? பட்டுப்பாவாடை கசங்கும் என்று உட்காரவிட்டார்களா? ஒன்றுக்கு வந்தால் யாரிடம் சொல்வாள்? அறையில் எல்லோருக்கும் நாற்பது வயதுக்கு மேல். மிருதங்கக்காரர் அவளை "வாங்கம்மா" என்கிறார். அங்கே இருங்கள், அவசரப்படாதீர்கள். வாசிக்கும்போது அவளுக்குத் தனிமை இல்லை, தயவுசெய்து அங்கே கண்ணீர் வைக்காதீர்கள். அது அவளுக்கு நன்றாகப் போகிற நேரம். வில்லைத் தளர்த்தி, பெட்டியை மூடி, பெரியவர்கள் பேசி முடிப்பதற்காக நிற்கிறாளே, அங்கேதான் பார்க்க வேண்டும்.

அந்த மிருதங்கப் பையன் வீட்டில் ஊர் மாறிப் போன அன்று, சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கொல்லையில் அவனுக்கு நான் பந்து போட்டேன். காகிதத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டு சுற்றிய பந்து. முதல் பந்திலேயே போல்டு. பாவமாக இருந்தது, நோ பால் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. அவுட்தான் என்று சொல்லி விரலை அவனே உயர்த்திவிட்டு, மட்டையைக் கிணற்றடி வரைக்கும் வீசியெறிந்தான்.