0.47 என்றால் 47 சதவீதமா? மடக்கைப் பிற்செலவு பற்றிய கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: மடக்கை எடுத்துப் பிற்செலவு ஓட்டிவிட்டு, வந்த குணகத்தை எப்படிச் சதவீதமாக வாசிப்பது என்பது. ஆய்வறிக்கை கொடுக்கும் காலம் போலிருக்கிறது. சரி, ஆளுக்கு ஒன்றாகப் பார்ப்போம்.

கே: திருகோணமலை மீன் சந்தையில் சூரை விலையின் மடக்கையை, அன்றைக்கு வந்த மீனின் மடக்கையோடு பொருத்தினேன். குணகம் -0.4. கேள்வி நெகிழ்ச்சி 0.4, ஆகவே நெகிழ்ச்சியற்ற கேள்வி என்று எழுதலாமா? (மூதூர்)

எழுதக் கூடாது. இரண்டு பக்கமும் மடக்கை இருந்தால் குணகம் நெகிழ்ச்சிதான், ஆனால் எதன் நெகிழ்ச்சி என்று பாருங்கள். இடப்பக்கத்தில் நீங்கள் வைத்திருப்பது விலை. மீன் 1% கூடினால் விலை 0.4% இறங்குகிறது என்பதுதான் உங்கள் விடை. கேள்வி நெகிழ்ச்சி கேட்பது மறுபக்கத்தை: விலை 1% மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும்? தலைகீழாக்கினால் 2.5 வரும். அப்போது கேள்வி நெகிழ்ச்சியற்றது அல்ல, நன்றாகவே நெகிழ்கிறது!

அந்த 2.5ஐயும் கண்ணை மூடிக்கொண்டு எழுதவேண்டாம். அதே தரவில் மாறிகளை இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். 2.5 வராது, R² 0.5 என்றால் 1.25 அளவில்தான் வரும். புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் விழுந்தால் மட்டுமே இரண்டும் ஒத்துப்போகும். கொட்டியாரக் குடாவில் கடல் எப்படி என்பதைப் பொறுத்துத்தான் அன்றைய மீன் வருகிறது; விலை பிறகுதான் அமைகிறது. ஆகவே விலையை இடப்பக்கம் வைத்தது சரியான தெரிவு. பெயரை மட்டும் சரியாக வையுங்கள்.

இன்னொன்று, நான் அடிக்கடி சொல்வது: குணகத்தை நேரே சதவீதமாக வாசிப்பது சிறு மாற்றத்துக்கு மட்டும். மீன் இரட்டித்தால் விலை 40% விழாது. 2ஐ -0.4 அடுக்குக்கு உயர்த்தினால் 0.76, விழுவது 24% அளவுதான்.

கே: வீட்டு வாடகையின் மடக்கையை அறைகளின் எண்ணிக்கையோடு எக்செல்லில் ஓட்டினேன். குணகம் 0.06. ஓர் அறைக்கு 6% தானா கூடும்? உப்புவெளியில் அப்படி இல்லையே. (உப்புவெளி)

`=LOG(B2)` போட்டிருப்பீர்கள். எக்செல்லில் அது பத்தின் அடி மடக்கை. `=LN(B2)` போடுங்கள். உங்கள் 0.06ஐ 2.3ஆல் பெருக்கினால் 0.14, அதாவது 15% அளவு. இரு பக்கமும் மடக்கை என்றால் எந்த அடி என்பது குணகத்தைத் தொடாது. ஒரு பக்கம் மட்டும் என்றால் தொடும். எந்த மடக்கை என்று கடிதத்தில் எழுதாதவர்களுக்கு அடுத்த முறை பதில் இல்லை.

கே: நிலாவெளி விடுதிகளின் அறை வாடகையை ஆராய்கிறேன். கடற்கரையோரம் என்றால் 1, இல்லாவிட்டால் 0. வாடகையின் இயற்கை மடக்கைக்கு அதன் குணகம் 0.47, நியம வழு 0.20. "கடற்கரையோர விடுதி 47% கூடுதல்" என்று எழுதினேன். மேற்பார்வையாளர் "அப்படியென்றால் உள்ளே இருப்பது 47% குறைவா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? (திருகோணமலை)

உங்கள் மேற்பார்வையாளருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுங்கள். கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

உள்ளே இருக்கும் அறை 10,000 ரூபாய் என்று வையுங்கள். 47% கூட்டினால் 14,700. அதிலிருந்து 47% கழித்தால் 7,800 அளவு. புறப்பட்ட இடத்துக்கே திரும்பவில்லை. பிழை விடுதியில் இல்லை, வாசித்த விதத்தில்.

0.47 என்பது இரண்டு மடக்கைகளின் வித்தியாசம். அதை விகிதமாக்க e-ஐ 0.47 அடுக்குக்கு உயர்த்தவேண்டும்: 1.60. ஆகவே கடற்கரையோரம் 60% கூடுதல், 10,000 அறை 16,000. இப்போது மறுபக்கம்: குணகம் -0.47, விகிதம் 0.625, அதாவது 37.5% குறைவு. 16,000இல் 37.5% என்பது 6,000. கழியுங்கள், 10,000. கணக்கு மூடுகிறது.

போலி மாறிக்கு 1% மாற்றம் என்று ஒன்று கிடையாது. கடற்கரையில் இருக்கிறது அல்லது இல்லை. சிறு மாற்றம் என்ற சலுகை அங்கே செல்லாது. 0.05, 0.08 என்றால் நூறால் பெருக்கினாலும் பெரிதாகக் கெடாது. 0.2 தாண்டினால் அடுக்குக்கு உயர்த்தாமல் எழுதவே கூடாது. இதை ஹால்வர்சன், பாம்குவிஸ்ட் என்ற பொருளியலாளர்கள் 1980இலேயே எழுதிவிட்டார்கள். இன்றைக்கும் என் மேசைக்கு வரும் ஆய்வறிக்கைகளில் இதே பிழை. எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. இளவயதில் ஓர் அலுவலகத்துக்கு வாடகை அறிக்கை எழுதியபோது 0.8 என்ற குணகத்தை 80% என்று அச்சடித்துக் கொடுத்தேன். கூட்டத்தில் பின் வரிசையில் இருந்த கணக்காளர் ஒருவர் கல்குலேட்டரைத் தட்டி, "தம்பி, இது 123 அல்லவா?" என்றார். அறிக்கை ஏற்கெனவே விநியோகமாகியிருந்தது.

நியம வழுவும் கொடுத்திருக்கிறீர்கள், நல்லது. குணகம் ஒரு மதிப்பீடுதான் என்பதால் அடுக்குக்கு உயர்த்தும்போது விடை கொஞ்சம் மேலே சாய்கிறது. அதற்குக் கென்னடி 1981இல் ஒரு திருத்தம் தந்தார்: நியம வழுவின் வர்க்கத்தில் பாதியைக் கழித்துவிட்டு உயர்த்துங்கள். உங்களுக்கு அது 0.02. 0.45ஐ உயர்த்தினால் 57%. மாதிரி பெரிதாகி நியம வழு சிறுத்தால் இந்தத் திருத்தம் கண்ணுக்கே தெரியாது.

நம்பிக்கை ஆயிடைக்கு முதலில் மடக்கையில் முனைகளைக் காணுங்கள்: 0.08, 0.86. பிறகு இரண்டையும் உயர்த்துங்கள்: 8% முதல் 136% வரை. இரு பக்கமும் சமனில்லை என்று பயப்படவேண்டாம், அப்படித்தான் இருக்கும். ஆயிடை இவ்வளவு அகலம் என்பதுதான் உங்கள் உண்மையான கவலை. இன்னும் சில விடுதிகளின் படியேறி வாடகை கேளுங்கள்.

கே: சில நாள் படகு வெறுங்கையோடு வருகிறது. பூச்சியத்துக்கு மடக்கை இல்லை என்பதால் 1 கூட்டினேன். பரவாயில்லையா? (கிண்ணியா)

மீனைக் கிலோவில் நிறுத்தீர்களா, கிராமிலா? பூச்சியத்திலிருந்து 5 கிலோவுக்குப் போவது கிலோவில் 1.8 மடக்கை அலகு. கிராமில் எழுதினால் 8.5. அதே மீன், அதே படகு. அலகை மாற்றினால் மாறும் எண்ணைச் சதவீதம் என்று சொல்லமுடியாது. மடக்கை எடுக்காமல் பொய்சான் பிற்செலவு ஓட்டுங்கள், ஸ்டேட்டாவில் ஒரு வரி; catch என்பது மீனின் அளவு, hp என்பது படகு இயந்திரத்தின் குதிரைவலு:

```
poisson catch hp, vce(robust)
```

பூச்சியங்கள் அப்படியே இருக்கலாம், முழு எண் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குணகத்தை மேலே சொன்ன மாதிரியே உயர்த்தி வாசியுங்கள்.

கே: மின்சார அலகு = மாறிலி + 38 × வருமானத்தின் இயற்கை மடக்கை. 38% தானே? (தம்பலகாமம்)

இல்லை. இடப்பக்கம் மடக்கை இல்லையே. நூறால் வகுங்கள்: வருமானம் 1% கூடினால் 0.38 அலகு. இரட்டித்தால் 38 × 0.69, ஏறக்குறைய 26 அலகு. மாதத்துக்கா, இரண்டு மாதத்துக்கா என்று நீங்கள் எழுதவில்லை.