புதுப்பிப்புத் தொகை ஏன் ஏறியது, போனஸ் எங்கே போனது: கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 63. சென்ற ஆண்டு மருத்துவக் காப்பீட்டுக்கு 33,040 ரூபாய் கட்டினேன். இம்முறை 33,600 கேட்கிறார்கள். 560 ரூபாய்தானே என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். சென்ற ஆண்டுத் தொகையில் 28,000 ரூபாய்தான் பிரீமியம். மீதி 5,040 ரூபாய் 18% ஜிஎஸ்டி. தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி இல்லை என்பதால், இப்போது கேட்கும் 33,600 முழுவதும் பிரீமியமே, அதாவது 20% உயர்வு. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் நிறுவனங்கள் முன்கூட்டியே தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2025 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. வயதுப் பிரிவு மாறியதால் வந்த உயர்வு இதில் சேராது என்று நிறுவனம் வாதிடக்கூடும். அந்த வாதம் எல்லா இடத்திலும் எடுபடும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே கடிதத்தில் இப்படிக் கேளுங்கள்: "வரி நீங்கலான பிரீமியம் 28,000 ரூபாயிலிருந்து 33,600 ஆனதில் வயதுக்காக எவ்வளவு, கட்டண விகித மாற்றத்துக்காக எவ்வளவு? விகிதம் மாறியிருந்தால் எனக்கு எந்தத் தேதியில் அறிவித்தீர்கள்?"

கேள்வி: க்ளெய்ம் வாங்கினால் பிரீமியம் ஏறத்தானே செய்யும்? எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் நடந்தது.

பதில்: அலுவலகக் குழுக் காப்பீட்டில் நீங்கள் சொல்வது சரி. தனிநபர் பாலிசியில் ஒருவர் க்ளெய்ம் வாங்கினார் என்பதற்காக அவருக்கு மட்டும் புதுப்பிப்பின்போது கூடுதல் கட்டணம் விதிக்க முடியாது. க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காகக் காப்பீட்டுத் தொகையோடு சேரும் போனஸ் குறையலாம், அது வேறு கணக்கு.

கேள்வி: அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆனது. பாலிசி ஆரோக்கிய சஞ்சீவனி, காப்பீட்டுத் தொகை 5 லட்சம். சேர்ந்திருந்த 25% போனஸ் முழுவதும் போய்விட்டது.

பதில்: அந்தப் பாலிசியில் க்ளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் 5% சேரும்; க்ளெய்ம் வந்தால் சேர்ந்த அதே விகிதத்தில்தான் குறையும். எனவே 1,25,000 ரூபாய் போனஸ் 1,00,000 ஆகியிருக்க வேண்டுமே தவிர, பூஜ்ஜியமாகியிருக்கக் கூடாது. இரு ஆண்டுகளின் பாலிசி அட்டவணையையும் இணைத்து, போனஸ் விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, திருத்திய அட்டவணை கேளுங்கள். மற்றப் பாலிசிகளில் விதி வேறாக இருக்கலாம். முதலில் வாசகத்தைப் படியுங்கள்.

கேள்வி: என் காரின் நோ க்ளெய்ம் போனஸும் இப்படித்தான் போனது. பதில் வரும்வரை பணம் கட்டாமல் இருக்கிறேன், சரிதானே?

பதில்: வாகனத்துக்கு விதிகள் வேறு, அதைத் தனியாகக் கேளுங்கள். பணத்தை நிறுத்துவது மட்டும் எதற்கும் ஆபத்து. மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக் கட்டணத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டென்றாலும், கட்டாத அந்த இடைவெளியில் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது. "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டிவிட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.